பால் பொங்குச்சா? - புது அரிசி, சூரியன், மாடு: ஒரு தைப்பொங்கல் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு பொய்யிலேருந்து ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு என்னால ஊருக்குப் போக முடியல. சென்னையில ஃப்ளாட்லயே பொங்கல் வெச்சேன். சூப்பர் மார்க்கெட்ல வாங்கின நல்ல பழைய பச்சரிசி, ஒரு பாக்கெட் பால், பெரிய எவர்சில்வர் பானை. பானையில பாதிக்குத் தண்ணி ஊத்தி, அரிசியையும் போட்டு, மேல கொஞ்சம் பால் விட்டு அடுப்பைப் பத்த வெச்சேன். கொதிச்சுது. வெந்துது. ஆனா பொங்கவே இல்லை. கடைசியில நானே ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து பானை விளிம்புல ஊத்தி, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டேன்.

அஞ்சு நிமிஷத்துல ராஜபாளையத்துலேருந்து அம்மாச்சி போன். "ஏத்தா, பால் பொங்குச்சா?"

"பொங்குச்சு அம்மாச்சி."

"எந்தப் பக்கம் வழிஞ்சுச்சு?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. "கிழக்க"ன்னு சொல்லிட்டேன். எங்க கிச்சன்ல கிழக்கு எதுன்னே எனக்கு அப்போ தெரியாது.

அதுக்கப்புறம் இந்தக் கேள்வி என்னை விடல. பொங்கல் அன்னிக்கு ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா "சாப்பிட்டீங்களா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "பால் பொங்குச்சா"ன்னுதான் கேக்கறாங்க. ருசியா இருந்துச்சான்னு கேக்கறதில்லை. வழிஞ்சுச்சான்னு கேக்கறாங்க. மத்த நாள்ல அடுப்புல பால் வழிஞ்சா அம்மாகிட்ட திட்டு வாங்கற அதே விஷயம், அன்னிக்கு மட்டும் ஏன் விழா ஆகுது? ஏன் சூரியனுக்கு முன்னாடி? மறுநாள் ஏன் மாட்டுக்கு? இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

மூணு நாள் இடைவெளியில ரெண்டு பானை

ராஜபாளையத்துலேருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆண்டாளோட ஊர். மார்கழி முப்பது நாளும் அங்கே திருப்பாவைதான். அதுல இருபத்தேழாம் நாள், அதாவது ஜனவரி 11 வாக்குல, கூடாரவல்லி. அன்னிக்கு அக்காரவடிசில் செய்வாங்க. ஆண்டாள் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தர்றதா நேர்ந்துக்கிட்டதும், பின்னால ராமானுஜர் அதை நிறைவேத்தினதும், அதனால ஆண்டாளுக்கு அவர் அண்ணன் ஆனதும் அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

அக்காரவடிசில்னா என்ன? பச்சரிசி, பால், வெல்லம், நெய். அதுக்கு மூணு நாள் கழிச்சு வர்ற சர்க்கரைப் பொங்கல்? பச்சரிசி, பால், வெல்லம், நெய். ஏறக்குறைய ஒரே சாமான்தான். ஆனா செய்முறை நேர் எதிர். அக்காரவடிசிலுக்கு அடி கனமான பாத்திரம், சின்னத் தீ. பால் சுண்டச் சுண்ட அரிசி அதுலயே வேகணும். பக்கத்துலயே நின்னு கிளறிக்கிட்டே இருக்கணும். ஒரு சொட்டு வழிஞ்சாலும் நஷ்டம். பொங்கல் பானைக்கு வாய் குறுகல், வயிறு பெருசு, தீ பெருசு. அது வழியலைன்னாதான் நஷ்டம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் இதோட சேர்த்துப் பாருங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம். பாலும் சர்க்கரையும் மட்டும்தான். அங்கேயும் பாலை வழியவிடாம, அடிப்பிடிக்கவிடாம, கிண்டிக்கிட்டே சுண்ட வைக்கறாங்க. ஆக, பாலை வழியவிடாம காப்பாத்தறதுல கைதேர்ந்த ஊர்க்காரங்க, வருஷத்துல ஒரே ஒரு காலையில, வாசல்ல, வேணும்னே வழியவிடறாங்க. அதனாலதான் எனக்கு இது தற்செயலாத் தெரியல. வழியறதுதான் சடங்கே.

என் பானை ஏன் பொங்கல?

அடுத்த வருஷம் ஊருக்குப் போனப்ப அம்மாச்சி பானை வைக்கறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். நான் எங்கே தப்பு பண்ணினேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

முதல்ல வாசல்ல கோலம். மூணு கல் அடுப்பு. எரிக்கறதுக்குக் காஞ்ச பனை ஓலை. அது சடசடன்னு பெருசா எரியும். பானை கழுத்துல இலையோட இருக்கிற மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து. அரை கிலோ புதுப் பச்சரிசியை எடுத்துக் களைஞ்சாங்க. முதல் கழுநீரைக் கொட்டிட்டாங்க. அதுல தூசியும் தவிடும்தான் இருக்கும். ரெண்டாவது தடவை களைஞ்ச தண்ணியை அப்படியே பானையில ஊத்தினாங்க. அது ஏறக்குறைய மூணு லிட்டர். அதோட அரை லிட்டர் பால். நாலு லிட்டர் பானை கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. அரிசி இன்னும் முறத்துலயேதான் இருந்துச்சு. நான் முதல்லயே போட்டேன் இல்லையா, அங்கேதான் தப்பு.

பால் கொதிக்கும்போது அதுல இருக்கிற புரதமும் கொழுப்பும் மேல ஆடையா சேரும். கீழேருந்து வர்ற நீராவி அதை உடைச்சுக்கிட்டு வெளியே போக முடியாம நுரையா மாறி ஆடையையே தூக்கும். கழுநீர்ல இருக்கிற மாவுச்சத்து அந்த நுரை சட்டுன்னு உடையாம பிடிச்சு வைக்கும். வாய் குறுகின பானையில நுரைக்கு விரிய இடமில்லை, மேலதான் ஏறணும். கழுத்து வரைக்கும் திரவம் இருந்தா, அடுத்த நிமிஷம் வெளியே. என் பானையில பாதிதான் தண்ணி, பால் ரெண்டு கரண்டி, தீயும் சின்னது. நுரை ஏறி ஏறிப் பாதி வழியிலேயே அடங்கிடுச்சு.

வெள்ளையா நுரை கழுத்தைத் தாண்டி வழிஞ்சதும் எல்லாரும் குலவை போட்டாங்க, "பொங்கலோ பொங்கல்"னு கத்தினோம். அம்மாச்சி உடனே ரெண்டு செம்பு தண்ணியை மொண்டு தனியா வெச்சுட்டு, களைஞ்ச அரிசியைக் கையால மூணு தடவை பானையைச் சுத்திப் போட்டாங்க. பிறகு தீயைக் குறைச்சாங்க. அரிசி வேக வேக, எடுத்து வெச்ச தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப விட்டாங்க. அரிசி நல்லாக் குழைஞ்சதுக்கு அப்புறம்தான் வெல்லம். முன்னாடியே போட்டா அரிசி அதுக்கு மேல வேகாம விறைச்சு நின்னுடும்.

புது அரிசி ஏன்?

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. கடையில அரிசி வாங்கறப்போ நாம என்ன கேப்போம்? "பழைய அரிசி இருக்கா?" பழசுக்குத்தான் விலை அதிகம். நெல்லோ அரிசியோ சில மாசம் இருப்புல இருந்தா உள்ளே இருக்கிற மாவுச்சத்தும் புரதமும் இறுகும். வேகவெச்சா அதிகத் தண்ணி குடிச்சு நல்லா உப்பும், பருக்கை பருக்கையா நிக்கும். புது அரிசி அப்படி இல்லை. சீக்கிரம் குழையும், ஒட்டும், கஞ்சி கெட்டியா இறங்கும். தினச் சாப்பாட்டுக்குப் புது அரிசி வயித்துல மந்தம்னு அம்மாச்சி பானைக்கே கொடுக்கமாட்டாங்க. ஆறு மாசம் கழிச்சுத்தான் எடுப்பாங்க.

அப்போ, சமைக்கத் தோதில்லாத அரிசியைத்தான் வருஷத்தோட பெரிய நாளுக்கு எடுக்கறோம். ஆனா அதுக்கு எந்தச் சமையலைத் தேர்ந்தெடுத்திருக்காங்கன்னு பாருங்க. குழையறதுதான் பொங்கலுக்கு அழகு. புது அரிசியோட குறை எதுவோ, அது நிறையா மாறுற பண்டம் அது.

புது அரிசியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். ஒரு கைப்பிடியை வேகவெச்சு கஞ்சியைப் பாருங்க. கஞ்சி கெட்டியா, வழுவழுன்னு இருந்து, பருக்கை ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா புதுசு. தண்ணி தெளிவா நின்னு, பருக்கை தனித்தனியா இருந்தா பழசு. கடைக்காரர்கிட்ட "புதுசா"ன்னு கேக்காதீங்க, "எந்த மாசம் அறுத்த நெல்லு"ன்னு கேளுங்க.

சூரியன் ஏன்?

பலரும் சொல்ற காரணம், அன்னிக்குச் சூரியன் வடக்கே திரும்புது, உத்தராயணம் ஆரம்பம்கிறது. உண்மையில சூரியன் திரும்பறது டிசம்பர் 21, 22ல. தை 1ங்கறது சூரியன் மகர ராசிக்குள்ள நுழையற நாள். ஏறக்குறைய 1700 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டும் ஒரே சமயத்துல வந்துச்சு. பூமியோட அச்சு மெதுவா ஊசலாடறதால, சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள்ங்கற கணக்குல விலகி விலகி இப்போ மூணு வாரத்துக்கு மேல இடைவெளி விழுந்திருக்கு.

எனக்கு அதைவிடப் பொருத்தமாப் படற காரணம் வயல்ல இருக்கு. நம்ம ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவுல இருக்கு. எங்களுக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில வர்ற வடகிழக்குப் பருவமழைதான். கண்மாய் நிறையறது அப்போதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 130 நாள் வயசுள்ள நெல்லைப் புரட்டாசி முதல் நாள் நாத்துக்கு விதைச்சா, அறுப்பு ஜனவரி 25 வாக்குல வரும். பூ பிடிக்கறது அதுக்கு முப்பது நாள் முன்னாடி, டிசம்பர் கடைசி வாரம். அதாவது மார்கழி. பூ விட்டு ஒரு வாரம் பத்து நாள்ல கதிருக்குள்ள பால் ஏறும். அந்த மணியை நகத்தால நசுக்கினா வெள்ளையாப் பால் வரும். விவசாயிங்க அதைப் பால் பருவம்னே சொல்வாங்க. பிறகு அந்தப் பால் மாவா இறுகி அரிசியாகும்.

அந்த முப்பது நாள்லதான் சூரியன் வேணும். இலை வெயிலைப் பிடிச்சுச் செய்யற மாவுச்சத்து நேரா மணிக்குள்ள போற நேரம் அது. கார்த்திகையோட மழை நிக்காம மார்கழியிலயும் மூடிக்கிட்டே இருந்தா மணி பாதிதான் நிரம்பும், மீதி பதர். வெளியேருந்து பார்த்தா கதிர் கதிராத்தான் தெரியும். அறுத்துச் சுளகுல புடைக்கும்போதுதான் தெரியும், பாதி காத்தோட பறந்துடும். கடைசியா அறுத்த பிறகும் வெயில் வேணும். ஈரம் குறையாத நெல்லு குவியல்ல சூடேறிக் கெடும். அரசு கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க. தை மாசம் எதிர்பாராத மழை பெஞ்சா, ரோட்டோரம் நெல்லைப் பரப்பி வெச்சுட்டு வானத்தைப் பார்க்கறவங்களை நீங்களே பார்த்திருப்பீங்க.

இன்னொண்ணையும் கவனிச்சீங்களா? அந்தக் கணக்குப்படி அறுப்பே ஜனவரி 25. பொங்கல் 14 அல்லது 15. ஆவணியிலேயே விதைச்சவங்களுக்கு நெல்லு வீட்டுக்கு வந்திருக்கும். கண்மாய் நிறையறதுக்குக் காத்திருந்தவங்களுக்குப் பொங்கலன்னிக்கு வயல் இன்னும் நிக்கும். அவங்க முன்னாடி அறுத்தவங்ககிட்ட ரெண்டு படி புது அரிசி வாங்கித்தான் பானை வைப்பாங்க. இலங்கைத் தமிழர்கள்கிட்ட தைப்பூசத்தன்னிக்குப் புதிர் எடுக்கறதுன்னு ஒரு வழக்கம் இருக்கு. முதல் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர்றது. அறுப்புக்குத் தனி நாள், சூரியனுக்குத் தனி நாள். ஏன்னா மழை தேதி பார்த்து வராது, கண்மாய் தேதி பார்த்து நிறையாது. இந்த மொத்த வேலையில சொன்ன நாளுக்கு வர்றது சூரியன் மட்டும்தான். நம்ம மாசமே அதோட நடையை வெச்சுத்தான் எண்ணறோம். ராஜபாளையத்துல தை 1 அன்னிக்குச் சூரியன் 6.40 வாக்குல எழும். கிழக்கே சமவெளி, தடையே இல்லை. முதல் வெயில் பின்னாடி மலை உச்சியில பட்டு மெல்லக் கீழே இறங்கும். வீட்டு வாசலுக்கு வெயில் வர்ற நேரத்துக்குப் பானை வழியணும்னு அம்மாச்சி கணக்குப் பண்ணி ஓலை தள்ளுவாங்க.

மாடு ஏன்?

மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கதை சொல்வாங்க. சிவன் நந்தியைக் கூப்பிட்டு, "தினமும் எண்ணெய் தேச்சுக் குளிங்க, மாசத்துக்கு ஒரு தடவை சாப்பிடுங்கன்னு மனுஷங்ககிட்ட சொல்லிட்டு வா"ன்னு அனுப்பினாராம். நந்தி மாத்திச் சொல்லிடுச்சாம்: தினமும் சாப்பிடுங்க, மாசத்துக்கு ஒரு தடவை குளிங்க. "அவ்வளவு சாப்பாட்டுக்கு யார் உழைக்கறது? நீயே போய் உழு"ன்னு சிவன் அனுப்பிட்டாராம். சின்ன வயசுல சிரிச்சிருக்கேன். இப்போ கேட்டா, தின்னது மனுஷன், தண்டனை மாட்டுக்குன்னு ஒத்துக்கற கதையாத்தான் தெரியுது.

டிராக்டர் வர்றதுக்கு முன்னாடி மாடு என்னென்ன செஞ்சுதுன்னு அம்மாச்சி விரல் விட்டு எண்ணுவாங்க. புழுதி உழவு, தண்ணி கட்டித் தொழி உழவு, பரம்பு இழுத்து மட்டம் பண்றது, கண்மாய்த் தண்ணி வத்தினா கமலையில கட்டிக் கிணத்துலேருந்து இறைக்கிறது, களத்துல பிணையல் கட்டிச் சுத்தி வந்து கதிரை மிதிக்கிறது, கடைசியில மூட்டையை வண்டியில வீட்டுக்கு இழுக்கறது. நடுவுல சாணம், அது அடுத்த வருஷ உரம். மாட்டுக்கு என்ன கிடைச்சுது? வைக்கோல். மணி நமக்கு, தாள் அதுக்கு.

அந்தக் காலத்துல நெல்லு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி களத்து மேட்டுலயே பங்கு பிரிப்பாங்க. தச்சர், கொல்லர், சலவைத் தொழிலாளி, முடி திருத்தறவர், மடை பார்க்கிறவர், காவல்காரர்னு ஒவ்வொருத்தருக்கும் இத்தனை மரக்கால்னு உண்டு. அதுக்குச் 'சுதந்திரம்'னே பேர். அந்தப் பங்கு எல்லாருக்கும் நியாயமாப் போச்சுன்னு நான் சொல்ல வரல. வயல்ல குனிஞ்சு நின்னவங்களுக்கு அளந்தது குறைவாத்தான் இருந்துச்சுன்னு எங்க அம்மாச்சியே சொல்வாங்க, அவங்களும் கூலிக்கு நாத்து நட்டவங்கதான். அந்த வரிசையில மரக்கால் ஏந்த முடியாத ரெண்டு பேர்தான் சூரியனும் மாடும். பொங்கலும் மாட்டுப் பொங்கலும் அவங்களோட கணக்கை முடிக்கிற நாளுன்னு நான் படிச்சுக்கறேன். சூரியனுக்கு நெல்லை அளந்து கொடுக்க முடியாது. அதனால பானையிலேருந்து முதல் பங்கு, நாம வாயில வைக்கறதுக்கு முன்னாடி, மண்ணுல வழியுது. மத்த நாள் எல்லாம் மணி மணியா எண்ணி வெச்ச குடும்பம், அந்த முதல் பங்கை மட்டும் அளக்காம விடுது.

இப்போ?

எங்க வீட்டுல இப்போ வயல் இல்லை, மாடும் இல்லை. தாத்தா காலத்துலேயே மில்லு வேலைக்கு வந்தாச்சு. ஊரைச் சுத்தி அறுப்புக்கு மெஷின் வந்துடுச்சு. பிணையல் மாட்டை நான் பார்த்ததே இல்லை. உழவு மாடு குறைஞ்சு, பால் மாடுதான் நிக்குது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புக்குப் போறதும் அந்தப் பால்தான்.

ஆனா போன வருஷம் மாட்டுப் பொங்கலன்னிக்கு அம்மாச்சி வாழை இலையில பொங்கல், ரெண்டு பழம் எடுத்துக்கிட்டு கிளம்பினாங்க. பக்கத்துத் தெருவுல, எங்களுக்குப் பால் ஊத்தற வீட்டு மாட்டுக்கு. கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, கழுத்துல மாலையோட அது நின்னுக்கிட்டிருந்துச்சு. "நம்ம மாடு இல்லையே அம்மாச்சி"ன்னேன். "பால் நம்ம குடிக்கோம்ல? அப்ப பாக்கி நம்மளுதுதான"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் அந்தப் பழைய பொய்யை ஒத்துக்கிட்டேன். கரண்டியால ஊத்தினதை, கிழக்குன்னு அடிச்சுவிட்டதை. அம்மாச்சி ரொம்ப நேரம் சிரிச்சாங்க. பிறகு, "போட்டோல பார்த்தப்பவே தெரியும்த்தா. பொங்கி வழிஞ்ச பானையில நுரை காஞ்சு வெள்ளையா தடம் இருக்கும். உன் பானை பளபளன்னு இருந்துச்சு"ன்னாங்க.

இந்த வருஷமும் எனக்கு லீவு கிடைக்கல. சென்னையிலதான். ஆனா ராஜபாளையத்துலேருந்து ரெண்டு கிலோ புது அரிசி வந்திருக்கு, ஆவணியில விதைச்சு மார்கழியில அறுத்தது. வாய் குறுகின ஒரு பித்தளைப் பானை வாங்கியாச்சு. கிச்சன்ல கிழக்கு எதுன்னு பார்த்து வெச்சுட்டேன், ஃப்ரிட்ஜ் இருக்கிற பக்கம். ஸ்டவ்வைச் சுத்தி பழைய பேப்பர் போட்டு, கழுத்து வரைக்கும் ஊத்தப் போறேன். வழியட்டும், துடைச்சுக்கலாம்.

உங்க வீட்டுல பால் எந்தப் பக்கம் வழிஞ்சுதுன்னு எழுதுங்க. பொங்கலைன்னாலும் எழுதுங்க, பானை போட்டோவோட. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.